கையெழுத்து யாருடையது?

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் போகும் பொடியன்களிடம் ரொக் பற்றிக் கேட்டால், “அது சும்மா சத்தம் அண்ணே” என்கிறார்கள். ஆனால் ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தில் வரும் எம்.ஐ.ஏ.யின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்குத் தலையாட்டுகிறார்கள். ஈழத்துத் தமிழ்ப் பெண்ணின் அந்தப் பாட்டுக்கு அடியில் ஓடும் கிற்றார், கிளாஷ் குழு 1982இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டினுடையது. சத்தம் என்று ஒதுக்கியதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கிற்றார், பேஸ், ட்ரம்ஸ், குரல் நாலையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். அடிப்படை அவ்வளவுதான். எனக்குச் சொல்லவேண்டியிருப்பது வேறு.

ஒரு ரொக் பாட்டு விளம்பரத்தில் வந்ததும் “விலைபோய்விட்டான்” என்று எழுதும் விமர்சகர்களை எனக்குப் பிடிக்காது. விற்றது யார் என்று அவர்கள் பார்ப்பதே இல்லை. பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. வரிகளும் மெட்டும் ஒன்று. அது பெரும்பாலும் பதிப்பு நிறுவனத்தின் கையில் இருக்கும். பதிவுசெய்த ஒலி மற்றது. அது இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும். மெட்டை மட்டும் வாங்கினால் வேறொருவரைக் கொண்டு பாடவைக்கலாம். அசல் குரலே வேண்டுமென்றால் இரண்டையும் வாங்கவேண்டும்.

பீட்டில்ஸைப் பாருங்கள். 1985இல் அவர்களுடைய ‘ஹெல்ப்!’ ஒரு கார் விளம்பரத்தில் வந்தது; பாடியது வேறு ஆட்கள். பெரிய கொந்தளிப்பு எழவில்லை. 1987இல் நைக்கி சப்பாத்து விளம்பரத்தில் ‘ரெவலூஷன்’ வந்தபோது ஒலித்தது ஜோன் லெனனின் சொந்தக் குரல். அவர் இறந்து ஆறு வருடமாகியிருந்தது. மெட்டின் உரிமையை 1985இல் மைக்கல் ஜாக்சன் வாங்கியிருந்தார். ஒலிப்பதிவு கப்பிற்றல் நிறுவனத்திடம் இருந்தது. இரு பக்கமும் அனுமதி கொடுத்தன. பீட்டில்ஸின் அப்பிள் நிறுவனமோ வழக்குப் போட்டது. இதில் ரசிகனுக்குத் துரோகம் செய்தது பாடியவனா?

கிளாஷின் கதை நேர்மாறு. 1991இல் லெவிஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் அவர்களுடைய ‘ஷுட் ஐ ஸ்டே ஓர் ஷுட் ஐ கோ’ வந்தது. குழு கலைந்து சில வருடங்களுக்குப் பிறகு, பிரித்தானியாவில் முதலிடம் பிடித்த அவர்களின் ஒரே பாட்டு அதுதான். பணம் மட்டுமல்ல, வானொலி தராத காதுகளையும் விளம்பரம் தருகிறது. ஆனாலும் முதலாளித்துவத்தைத் திட்டிப் பாடிய குழு ஜீன்ஸுக்குப் பாடினால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை நான் மதிக்கிறேன்.

நமக்கு இந்த வலி பழக்கமில்லை. ‘குணா’ படத்துப் பாட்டை ‘மஞ்ஞுமெல் போய்ஸ்’ எடுத்தாண்டதற்கு 2024இல் இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். ரசிகர்களோ தியேட்டரில் கைதட்டினார்கள். படத்துக்கென்றே பிறந்த பாட்டு இன்னொரு படத்துக்குப் போனால் நமக்கு உறுத்துவதில்லை. ரொக் ரசிகனுக்குப் பாட்டு என்பது பாடியவன் தன் பெயரில் கொடுத்த வாக்கு.

இரகசியமாக ஒன்று சொல்கிறேன்: எனக்கு அந்த ஜீன்ஸ் விளம்பரம் பிடிக்கும். நீங்கள் இன்றைக்கே ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ஐ முழுசாகக் கேளுங்கள், ‘பேப்பர் பிளேன்ஸ்’ஐ அதற்குப் பிறகு போடுங்கள்.