மேலே பார்க்கச் சொன்னால் கட்டைவிரல் எந்தப் பக்கம் போகிறது?

2001இல் வந்த ‘ஹேலோ’ விளையாட்டின் தொடக்கத்தை இன்றும் யாருக்காவது போட்டுக் காட்டுவது எனக்குப் பிடிக்கும். விண்கப்பலில் உறைநிலைத் தூக்கத்தில் இருந்த வீரனை எழுப்புகிறார்கள். கவசம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், மின்னுகிற விளக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்கிறார் ஒரு தொழில்நுட்பப் பணியாளர். சில மேலே, சில கீழே. பார்த்து முடித்ததும், அளவீட்டில் ஏதோ பிழை காட்டுகிறது, மேல்கீழ்ப் பார்வையைத் திருப்பி வைக்கிறேன், இன்னொரு முறை பாருங்கள் என்கிறார். பிறகு, இது வசதியா, பழையபடியே வைக்கட்டுமா என்று கேட்கிறார். அவ்வளவுதான். ஆடுபவருக்கு ஏற்ற கேமரா அமைந்துவிட்டது. செட்டிங்ஸ் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை.

பன்ஜி நிறுவனத்தாரின் இந்த வேலைப்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தப் ‘பிழை’தான். தடுமாறியது கவசம், ஆடுபவர் இல்லை. முதன்முதலாகக் கண்ட்ரோலரைக் கையில் எடுத்தவரின் கூச்சத்தை இதைவிட மென்மையாக யாரும் போக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

‘இன்வர்ட்’ வேண்டுமா என்று எழுத்தில் கேட்டால் புதியவரால் பதில் சொல்ல முடியாது. வலதுகை ஸ்டிக்கை மேலே தள்ளினால் பார்வையும் மேலே போக வேண்டும் என்று சிலரின் கை எதிர்பார்க்கிறது. கண்ணையே அந்த விரல் நகர்த்துவதாக அவர்கள் உணர்கிறார்கள். வேறு சிலருக்கு அந்த ஸ்டிக் உச்சந்தலையில் நட்ட கம்பி மாதிரி. முன்னால் தள்ளினால் தலை குனியும், பின்னால் இழுத்தால் முகம் நிமிரும். விமானத்தின் கட்டுப்பாட்டுக் கம்பி இப்படித்தான் வேலை செய்கிறது. பறக்கும் விளையாட்டுகளும் அந்த வழக்கத்தையே எடுத்துக்கொண்டன. கணினிக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கழித்தல் குறிதான். 1996இல் வந்த ‘குவேக்’கில் அதை அப்படியே தட்டச்சு செய்யலாம்:

```
m_pitch 0.022
m_pitch -0.022
```

மௌஸ் நகரும்போது பார்வை எவ்வளவு சாய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த எண். குறியை மாற்றினால் மேல் கீழாகும்.

எங்கள் புதுச்சேரியில் இன்றைக்கு விளையாட வருகிறவர்களில் பலரின் முதல் கேமரா ஃபோனில்தான். பிஜிஎம்ஐ ஆடிப் பழகிய பையனுக்கு இதில் சிக்கல் இல்லை. அங்கே விரலை மேலே இழுத்தால் பார்வை மேலே போகும், ஸ்டிக்கிலும் அதையே எதிர்பார்ப்பான். ஆனால் அவன் வீட்டுப் பெரியவர்கள் ஃபோனில் செய்வது வேறு. செய்தி படிக்கிறார்கள், படத்தைப் பெரிதாக்கித் தள்ளிப் பார்க்கிறார்கள். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் கோபுர உச்சியைப் பார்க்க வேண்டுமானால் காட்சியைக் கீழே இழுக்க வேண்டும். அங்கே விரல் பிடித்திருப்பது பார்வையை இல்லை, காட்சியை. ஒரே கண்ணாடித் திரைக்குள் இரண்டு எதிரெதிர் வழக்கங்கள் இருக்கின்றன. ஸ்டிக்கைத் தொடும்போது இதில் எது எழுந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எங்கள் அத்தையிடம் இதை நேரிலேயே பார்த்தேன். அவர் மகன் பாரிஸில் இருக்கிறான். இந்த ஊரில் இது அதிசயம் இல்லை. 2019 ஏப்ரலில் நோத்ர தாம் தேவாலயம் தீப்பிடித்தபோது அத்தை டிவி முன்னால் அழுதவர். அதே மாதம் யூபிசாஃப்ட் நிறுவனம் தன் ‘அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி’ விளையாட்டைக் கணினிக்கு ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பாரிஸ், நடுவே அந்தத் தேவாலயம். தீயில் விழுந்த கூர்முனைக் கோபுரமும் உண்டு; அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது என்பதால் புரட்சிக்காலக் கதைக்குள் இருக்கக் கூடாதது, ஆனாலும் வைத்திருக்கிறார்கள். அத்தைக்குச் சண்டையெல்லாம் வேண்டாம், கோயிலைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

முகப்பு வாசலில் நிறுத்தி, “கோபுரத்தைப் பாருங்க அத்தை” என்றேன். எந்தப் பொத்தான், எந்தத் திசை என்று வாயே திறக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் நம் வழக்கம் அவர் கையில் ஏறிவிடும். அவர் திரையைப் பார்த்தார், நான் அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். அது கீழே இழுத்தது. தரைக்கல் தெரிந்தது. “இருடா” என்று மேலே தள்ளினார், கோபுரம் வந்தது. வாசற்சிற்பம், மறுபடி கோபுரம், பின்னால் வரும் கூட்டம் என்று பேச்சோடு பேச்சாக மாற்றி மாற்றிக் கேட்டேன். யோசித்துச் செய்தபோது சரியாகப் போனார். பேச்சில் மறந்தபோதெல்லாம் விரல் முதலில் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பியது. நம்ப வேண்டியது அந்த மறந்த நேரத்து விரலைத்தான். மேல்கீழைத் திருப்பி வைத்தேன். அத்தை எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. கோபுரத்தைப் பற்றி மட்டும் பேசத் தொடங்கினார்.

திசை சரியான பிறகுதான் வேகத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, எதிர்ப்பக்கம் போகிறவருக்கு சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக் குறைத்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பயனில்லை. திசைக்கோளாறு என்றால் முதல் அசைவே தவறாக இருக்கும். வேகக்கோளாறு என்றால் முதல் அசைவு சரியாக இருக்கும், ஆனால் பார்க்க வேண்டியதைத் தாண்டிப் போய், திரும்பி, மறுபடி தாண்டும். தொடாமலே கேமரா நகர்ந்தால் அது இரண்டுமே இல்லை, தேய்ந்த ஸ்டிக். அதற்கு டெட் ஸோனை, அதாவது நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத சிறு வட்டத்தை, கொஞ்சம் பெரிதாக்க வேண்டும்.

செட்டிங்ஸில் உள்ள எண்களை வைத்து வேகத்தை முடிவு செய்ய முடியாது. ஒரு விளையாட்டின் 5 இன்னொன்றின் 5 ஆகாது. ஸ்டிக்கை வலப்பக்கம் முழுதாகத் தள்ளிப் பிடித்து, பார்வை ஒரு சுற்று வர எத்தனை விநாடி என்று எண்ணுவது என் வழக்கம். புதியவருக்கு ஏறக்குறைய 4 விநாடி, அதாவது விநாடிக்கு 90 பாகை, நல்ல தொடக்கம். மேல்கீழ் வேகம் தனியாக இருந்தால் அதில் பாதிக்குச் சற்று மேல் போதும். பக்கவாட்டில் முழு வட்டம், மேல்கீழில் அதில் பாதிகூட இல்லை. ஸ்டிக் விளிம்பில் நின்றதும் தானாக வேகமெடுக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுவேன். புதியவருக்கு அது தலைசுற்றலைத் தரலாம். அத்தைக்கு இரண்டு கட்டம் குறைத்ததும் தூணிலிருந்து தூணுக்குத் தாண்டாமல் போய் நின்றார். நாலைந்து நாள் கழித்து விரலை விளிம்பிலேயே அழுத்திக்கொண்டு பார்வை வந்து சேரக் காத்திருந்தார். வேகத்தைக் கூட்ட அதுதான் அடையாளம். ஒரு கட்டம் கூட்டினேன்.

ஏன் சிலருக்கு மட்டும் தலைகீழ் என்பதை ஜெனிஃபர் கார்பெட்டும் யாப் முன்னெகேயும் ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். பழைய விமான விளையாட்டுகளைக் காரணம் சொல்லும் பலரின் விளக்கம் அவர்கள் கையின் நடத்தையோடு பொருந்தவில்லையாம். மனத்துக்குள் உருவங்களைச் சுழற்றிப் பார்க்கும் விதத்தோடுதான் தொடர்பு அதிகம் தெரிந்ததாம். விளக்குகளைக் காட்டி விரலைக் கவனித்த ‘ஹேலோ’காரர்கள் அப்போதே சரியான இடத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

ஒரு குறை மட்டும். 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இல் இந்த விருப்பத்தை ஆளின் கணக்கிலேயே ஒருமுறை பதிந்து வைக்கலாம், விளையாட்டுகள் அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளும். அந்த நல்ல ஏற்பாடு நிலைக்கவில்லை. எங்கள் வீட்டில் அத்தை எழுந்ததும் பிஜிஎம்ஐ ஆடிப் பழகிய ஒரு பையன் அதே கண்ட்ரோலரோடு உட்காருகிறான், வானத்தைப் பார்க்கப் போய்த் தரையைப் பார்க்கிறான். இப்போது இருவருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டு, ஒவ்வொரு புது விளையாட்டிலும் அத்தையின் மேல்கீழை நானே திருப்பி வைக்கிறேன்.