'தாக்கம்' என்று கேட்டால் போதுமா? அறிவொளிக் காலமும் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்களும்

தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களும் இதைப் படிக்கலாம், உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

மேல்நிலைப் படிவங்களுக்கான பயிற்சித் தாள்களில் வருடா வருடம் ஒரு கேள்வி தலைகாட்டும்: 'அறிவொளிக் காலச் சிந்தனைகள் பிற்காலப் புரட்சிகளில் ஏற்படுத்திய தாக்கத்தை விளக்குக.' நானும் இப்படிக் கேட்டிருக்கிறேன். முப்பது விடைத்தாள் திருத்தினால் முப்பதும் ஒரே அச்சு. ரூசோ, வால்டேர், மாண்டெஸ்கியூ என்று மூன்று பெயர், பிறகு 1789, அதன் பிறகு 'எனவே பெரும் தாக்கம் ஏற்பட்டது' என்ற முடிவு. நன்றாகப் படிக்கும் பிள்ளையும் இதைத்தான் எழுதியிருக்கும், மனப்பாடம் செய்த பிள்ளையும் இதைத்தான் எழுதியிருக்கும். இருவரையும் பிரித்துக் காட்டாத கேள்விக்குக் கொடுத்த புள்ளியால் என்ன பயன்?

குறை மாணவரிடம் இல்லை, கேள்வியில்தான் இருக்கிறது. 'ஏற்படுத்திய தாக்கம்' என்று எழுதியவுடன் விடையின் பாதியை நாமே சொல்லிவிடுகிறோம். தாக்கம் இருந்ததா, எந்த வழியாக வந்தது, வேறு காரணம் உண்டா என்று யோசிக்கும் இடத்தை அடைத்துவிட்டு, பிறகு அதை உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்று சொல்லிக்கொள்கிறோம்.

அந்த இடத்தைத் திறக்க, பாரிசை நம் ரப்பர்த் தோட்டத்திற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். ஈப்போ சுற்றுவட்டாரப் பிள்ளைகளில் பலருக்குப் பாட்டியோ தாத்தாவோ பால்மரம் வெட்டியவர்கள். 'துரை வந்தா சைக்கிள்ல இருந்து இறங்கி நிக்கணும்' என்ற பேச்சைச் சில பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். ஆகவே நான் எடுத்துக்கொண்ட மூலம் 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தக் கோரிக்கைகள். இது நடந்தது சிலாங்கூரில், பேராக்கில் அல்ல. இதை மாணவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பின்னணி சுருக்கமாக இதுதான். போரினால் ரப்பருக்குத் தேவை கூடியது, விலைவாசியும் ஏறியது. ஆனால் தமிழ்த் தொழிலாளிக்குக் கிடைத்த கூலி, சீனத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் போன்றோர் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார்கள். முடிவில் ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள், நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்.

அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இருந்து நான்கை மட்டும் என் சொற்களில் சுருக்கிக் கொடுக்கிறேன்: (1) சீனருக்கு நிகரான கூலி. (2) வெள்ளைக்காரத் துரை, கிராணி முன்னால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை. (3) கள்ளுக்கடைகளை மூட வேண்டும். (4) குறைகளைச் சொல்லத் தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொள்ள அனுமதி. பக்கத்திலேயே 1789 ஆகஸ்டில் பிரான்சில் ஏற்கப்பட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் சாரம் இரண்டு வரியில் இருக்கும்: மனிதர் பிறப்பால் உரிமையில் சமம், கருத்துச் சொல்லும் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு.

இப்போது கேள்வி:

(அ) நான்கு கோரிக்கைகளில் பிரகடனத்தோடு ஒத்துப்போகும் ஒன்றையும் ஒத்துப்போகாத ஒன்றையும் காட்டுக. (3 புள்ளி)
(ஆ) அந்தக் கருத்து தோட்டம்வரை வந்து சேர்ந்திருக்கக்கூடிய ஒரு வழியைச் சான்றுடன் கூறுக. (4 புள்ளி)
(இ) 'பிரெஞ்சுப் புரட்சி இல்லையென்றால் கிள்ளான் வேலைநிறுத்தம் இல்லை.' இக்கூற்றை எந்த அளவுக்கு ஏற்கிறீர்? (5 புள்ளி)

(அ) பகுதியில் பெரும்பாலோர் சைக்கிள் கோரிக்கையைத்தான் பிடிப்பார்கள். சரிதான், அது சமத்துவம். ஒத்துப்போகாததற்குக் கள்ளுக்கடையைச் சொல்வார்கள், அதுவும் சரி. அது காந்திய மதுவிலக்கு, சமூகச் சீர்திருத்தம் ஆகியவற்றின் பக்கம் நிற்கிறது.

சிக்கல் நான்காவதில். 'சங்கம் வைப்பதும் சுதந்திரம்தானே சார்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் அந்தப் பிரகடனத்தில் சங்க உரிமை இல்லை. அதுமட்டுமா, 1791 ஜூனில் அதே புரட்சி மன்றம் லெ சப்பலியே சட்டம் கொண்டுவந்து தொழிலாளர் கூட்டமைப்புகளையும் வேலைநிறுத்தத்தையும் தடை செய்தது. தனிமனிதனுக்கும் அரசுக்கும் நடுவில் எந்த அமைப்பும் நிற்கக்கூடாது என்பது அவர்களுடைய வாதம். பிரான்சில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அனுமதி கிடைத்தது 1884-இல்தான். ஆக, கிள்ளான் தொழிலாளி கேட்ட சங்க உரிமைக்கு வேரைத் தொழிலாளர் இயக்கங்களில்தான் தேட வேண்டும். 1930-களில் இதே மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். இந்தச் செய்தியை மூலத்தோடு ஒரு குறிப்பாகக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அறியாததை மறைத்து வைத்துப் புள்ளி பிடுங்குவது நியாயமில்லை.

(ஆ) பகுதிக்கு நல்ல விடை ஒரு சங்கிலியைக் காட்டும். 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' இதழ், பாரதியார் நடத்தியது, 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்ற முழக்கத்தைத் தாங்கி வந்தது. 1908-இல் அவர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்து ஈப்போவிலும் பேசினார். இவையெல்லாம் வழிகள். ஆனால் வழி இருந்ததாலேயே வந்து சேர்ந்தது என்று ஆகாது. 'வந்திருக்கலாம்' என்று எழுதும் பிள்ளைக்கு முழுப் புள்ளி, 'வந்தது' என்று அடித்து எழுதும் பிள்ளைக்கு ஒன்று குறையும். இதை விடைக்குறிப்பில் தெளிவாக எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் திருத்துபவர் தலைகீழாகப் புள்ளி போட்டுவிடுவார். அழுத்தமாக எழுதிய விடை பார்க்க நன்றாகத்தானே இருக்கும்!

(இ) பகுதிதான் தராசு. ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள்: 'சைக்கிள்ல இருந்து இறங்க மாட்டேன்னு சொல்ல, எங்க தாத்தா ரூசோவைப் படிச்சிருக்கணுமா சார்?' அவள் கேட்டதுதான் இந்தப் பாடத்தின் முக்கியக் கேள்வி. அவமானம் உறைக்க யாரும் புத்தகம் படிக்க வேண்டியதில்லை. அந்த அவமானத்தை எண் போட்டு, எழுத்தில், எல்லோருக்கும் பொதுவான கோரிக்கையாக நிர்வாகத்தின் முன் வைப்பதற்குத்தான் ஒரு மொழி தேவைப்படுகிறது. புதுக்கருத்து உதவியது அந்த மொழியில்தான் என்று வாதிடலாம். இல்லை, கூலி வேற்றுமை ஒன்றே போதும் என்றும் வாதிடலாம். இரண்டுக்கும் ஐந்து புள்ளி கிடைக்கும், பட்டியலில் இருந்து சான்று காட்டினால்.

இந்தக் கேள்விக்கும் குறை உண்டு. கிள்ளானில் நடந்தது வேலைநிறுத்தம். ஆட்சியை மாற்றக் கேட்கவில்லை, ஆகவே அது புரட்சி அல்ல. 'பிற்காலப் புரட்சி' என்று பாடத்தில் இருந்தால், ஹைட்டியை அடுத்த தாளில் வையுங்கள். 1791-இல் அங்கே அடிமைகள் எழுந்தார்கள், பிரான்ஸ் 1794-இல் அடிமை முறையை ஒழித்தது, நெப்போலியன் 1802-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார், 1804-இல் ஹைட்டி விடுதலை பெற்றது. சமத்துவம் பேசிய நாடே அதைக் கொடுக்கத் தயங்கியது என்பதைக் கிள்ளானில் பழகிய பிள்ளை அங்கே தானே கண்டுபிடிக்கும்.

மாணவர்களே, தேர்வில் 'தாக்கம்' என்ற சொல்லைப் பார்த்தால் எழுதத் தொடங்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒத்துப்போகிறதா? வந்த வழி இருக்கிறதா? அது இல்லாமலும் நடந்திருக்குமா? மூன்றுக்கும் ஒவ்வொரு சான்று எழுதினால் விடை தயார். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் இதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எந்த இடத்தில் இடறினார்கள் என்று எழுதுங்கள்.