‘ஓ’ என்றால் அவனா, அவளா?

“டாக்டர் வந்தார், அவர் ஊசி போட்டார்” என்று ஆவடியில் ஒருவர் சொன்னால் கேட்பவருக்கு ஒரு குறையும் தோன்றுவதில்லை. வந்தவர் ஆணா, பெண்ணா என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ஆனால் அதனை ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். கை தானாகவே ‘ஹீ’ என்று எழுதிவிடும்! எங்கிருந்து வந்தான் இந்த ஆண்? மூலத்தில் இல்லை, பேசியவர் நாவில் இல்லை, மொழிபெயர்த்தவரின் மூளையில் குடியிருந்தவன் அவன். முத்துலட்சுமி ரெட்டி மருத்துவப் பட்டம் பெற்றது 1912இல். ஒரு நூற்றாண்டு கடந்தும், டாக்டர் என்றதும் ஆணை அழைத்து வந்து உட்கார வைக்கும் பழக்கம் நம்மை விட்டபாடில்லை.

தமிழில் இந்த இடர் ‘அவர்’ என்னும் மரியாதைச் சொல்லோடு நின்றுவிடுகிறது. துருக்கி மொழியிலோ எங்கும் இதுதான். அங்கே ‘ஓ’ என்பதே அவனும், அவளும், அதுவும். வினைச்சொல்லின் ஈறும் பால் காட்டாது. ‘கெல்தி’ என்றால் வந்தான், வந்தாள், வந்தது எல்லாம்தான். உரையாடலில் அந்த ‘ஓ’வைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பாரசீகத்தில் ‘ஊ’, பேச்சு வழக்கில் ‘ஊன்’. ‘பெஹெஷ் கொஃப்தம்’ என்றால் அவனிடம் சொன்னேன் என்றும் ஆகும், அவளிடம் சொன்னேன் என்றும் ஆகும்.

இவ்வளவு கேட்டதும் நம் தோழர்களில் சிலர் மகிழ்ந்து போவார்கள்: பால் வேற்றுமையே அறியாத மொழி அல்லவா, அந்த நாடு எத்துணைச் சமத்துவ நாடாக இருக்கும் என்று! பொறுங்கள். தலைத்துணியைச் சரியாக அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட மாசா அமினி என்னும் இளம்பெண் 2022 செப்டம்பரில் காவலில் இருந்தபோது மாண்டது பாரசீகம் பேசும் ஈரானில்தான். மொழியில் இல்லாத வேலியைச் சட்டம் போட்டுக் கொள்ளும்; மதம் போட்டுக் கொள்ளும். நாம் இங்கே பேசுவது வேறொன்று: அந்த மொழி போடாத வேலியை மொழிபெயர்ப்பு போடலாமா என்பது.

‘ஓ பிர் தோக்தொர்’ என்பது ‘அவர் ஒரு டாக்டர்’. ‘ஓ பிர் ஹெம்ஷிரெ’ என்பது ‘அவர் ஒரு செவிலியர்’. இரண்டிலும் ஒரே ‘ஓ’. கணினி மொழிபெயர்ப்போ முன்னதை ‘ஹீ’ என்றும் பின்னதை ‘ஷீ’ என்றும் எழுதியது. சொற்களுக்கிடையே உள்ள உறவுகளில் மனிதரின் சாய்வு படிந்து கிடப்பதை 2017இல் எடுத்துக்காட்டிய ஆய்வாளர்கள் இந்தத் துருக்கி வாக்கியங்களையே சான்றாகக் காட்டினார்கள்.

காரணம் மந்திரமன்று, எண்ணிக்கை. மனிதர்கள் எழுதிக் குவித்தவற்றைப் படித்து, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் மிகுதியாக வருகிறது என்று பொறி கற்கிறது. ஒரு பேச்சுக்கு, பத்து டாக்டரில் ஆறு பேரை ஆண் என்று நூல்கள் குறித்திருக்கின்றன என்று கொள்வோம். பொறி பத்தில் ஆறு முறை ‘ஹீ’ என்று எழுதினால் அது நூல்களின் சாய்வு. ஆனால் ஒவ்வொரு முறையும் வாய்ப்பு மிகுந்ததையே தேர்வதால் பத்துக்குப் பத்தும் ‘ஹீ’ என்றே எழுதும். இருந்த சாய்வு பெருஞ்சாய்வாகிறது! நால்வர் காணாமற் போகிறார்கள்.

‘ஹெம்ஷிரெ’ என்ற சொல்லின் கதையும் கேட்கத்தக்கது. பாரசீகத்தில் அது உடன்பிறந்தாளைக் குறித்த சொல். துருக்கியில் செவிலியர் சட்டம் 2007இல் திருத்தப்படும்வரை அப்பணி பெண்களுக்கே உரியதாக இருந்தது. ஆகவே அன்று ‘ஷீ’ என்று எழுதியவர் பிழைத்துப் போனார். இன்று ஆடவரும் அப்பணியில் இருக்கிறார்கள். நூற்குவியலில் படிந்த பழைய பெண் மட்டும் அகலவில்லை.

2018 டிசம்பரில் கூகுள் நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. ‘ஓ பிர் தோக்தொர்’ போன்ற துருக்கி வாக்கியத்திற்கு ஆண்பால், பெண்பால் இரண்டு மொழிபெயர்ப்பையும் ஒருங்கே காட்டுவது என்பது அம்மாற்றம். 2020இல் முறையைத் திருத்தி, முதலில் ஒன்றை மொழிபெயர்த்து, பிறகு பால் காட்டும் சொற்களை மட்டும் மாற்றி மற்றொன்றை ஆக்கி, பாரசீகத்திற்கும் விரித்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இது அகராதி பார்ப்பவனுக்கு ஆகும், உரையாடுபவனுக்கு ஆகாது. அம்பத்தூர் அலுவலகமொன்றில் அமர்ந்து இஸ்தான்புல் வாடிக்கையாளருக்கு வரிக்கு வரி விடை எழுதும் இளைஞரிடம் ஒவ்வொரு வரியையும் இரண்டிரண்டாக நீட்ட முடியுமா? ஒரே வரியில் பால் தெரியாதவர் இருவர் வந்தால் நான்கு வடிவம். மூவர் வந்தால் எட்டு! உரையாடலின் உண்மையான இடரோ ஒற்றை வாக்கியத்தில் இல்லை. வரி விட்டு வரி தாவுவதில் இருக்கிறது.

நாமே புனைந்த ஒரு சிறு உரையாடலை எடுத்துக் கொள்வோம். இரண்டு துருக்கியர் பேசிக் கொள்கிறார்கள். முதல் வரி: டெனிஸ் இன்று வேலைக்கு வரவில்லை. இரண்டாம் வரி: ‘ஓ’வுக்கு உடல்நலமில்லையா? மூன்றாம் வரி: ஆம், ‘எஷி’ தொலைபேசியில் அழைத்தார், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாராம். நான்காம் வரி: ‘அப்லாசி’யும் உடனிருக்கிறாராம். ஐந்தாம் வரி: டெனிஸ் ‘பெய்’க்கு என் வணக்கத்தைச் சொல்.

டெனிஸ் என்பது துருக்கியில் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு; பொருள் கடல். எனவே முதல் வரியில் சான்றில்லை. இரண்டாம் வரியிலும் இல்லை. மூன்றாம் வரியில் வரும் ‘எஷ்’ கணவனுக்கும் மனைவிக்கும் பொதுச் சொல். நம் ‘துணைவர்’ போல. அங்கே அழைத்துச் சென்றவரும் தெரியவில்லை, அழைத்துச் செல்லப்பட்டவரும் தெரியவில்லை. அவசரக்காரர் இங்கே என்ன செய்வார்? அழைத்துச் செல்பவன் ஆண், நோயில் கிடப்பவள் பெண் என்று ஒரு திரைப்படமே எடுத்துவிடுவார்! நான்காம் வரியில்தான் பொறி வைத்திருக்கிறது. ‘அப்லா’ என்றால் அக்காள், பெண்ணென்பது உறுதி. ஆனால் அது டெனிசின் அக்காளைப் பற்றிய உறுதியேயன்றி டெனிசைப் பற்றியதன்று. பெண்பாற் சொல் ஒன்று அருகில் வந்ததும் அதனை எடுத்து டெனிசுக்கு உடுத்திவிடுவது மிகுதியும் நிகழும் பிழை. ஐந்தாம் வரியில் ‘பெய்’ வருகிறது. ஆடவர் பெயருக்குப் பின் வரும் மரியாதைச் சொல் அது, மகளிர்க்கு ‘ஹனம்’. ஆகவே டெனிஸ் ஆண். ஆனால் முன்னைய நான்கு வரிகளும் அதற்குள் அனுப்பப்பட்டு, படிக்கப்பட்டும் விட்டன!

இதற்குத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் செய்வது எளிது. இரண்டாம் வரியில் ‘ஓ’வுக்கு ஈடாகப் பெயரையே எழுதுவார்: டெனிசுக்கு உடல்நலமில்லையா? மூன்றாம் வரியில் டெனிசின் துணைவர், டெனிசை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதாகத் தெரிகிறது என்பார். நான்காம் வரியில் டெனிசின் அக்காள் என்பார். ஐந்தாம் வரிக்குப் பிறகு ‘ஹீ’ என்று தாராளமாக எழுதுவார், சான்று கிடைத்துவிட்டது. பெயர் மீண்டும் மீண்டும் வந்து சற்றே முட்டும், உண்மைதான். முட்டுவது பிழையன்று, பொய்தான் பிழை.

பெயரே தெரியாவிட்டால்? அப்போது ஆங்கிலத்தின் ‘தே’ உதவும். பன்மைச் சொல்லை ஒருவருக்கு எழுதுவதா என்று இலக்கணப் புலவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நம் தொல்காப்பியரைக் காட்டலாம். ஒருவரைப் பன்மையாற் சொல்வது வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல். இலக்கண நெறியன்று என்று அவர் அன்றே குறித்தார். ‘ஒருவர்’ என்னும் பெயர் ஆண், பெண் இருபாலுக்கும் உரியது என்பதையும் அவரே சொல்லி வைத்தார். பலரைக் குறித்த ‘அவர்’ ஒருவரைக் குறிக்க வந்தது. பலருக்கு ‘அவர்கள்’ எழுந்தது. நாம் நடந்து முடித்த தெருவில்தான் ஆங்கிலத்தின் ‘தே’ இப்போது நடக்கிறது.

ஆனால் ‘தே’ எல்லாப் பிணிக்கும் மருந்தன்று. மேற்சொன்ன மூன்றாம் வரியில் “தே மருத்துவமனைக்குப் போனார்கள்” என்று எழுதினால், படிப்பவர் கணவனும் மனைவியும் சேர்ந்து போனதாகவே கொள்வார். சென்றது ஒருவரா, இருவரா என்பது வழக்குமன்றத்தில் வினாவாக எழுந்தால் அந்த ஒரு சொல்லே வாக்குமூலத்தைக் கெடுத்துவிடும். எண் குழம்பும் இடத்தில் பெயரோ, ‘நோயாளி’, ‘வாடிக்கையாளர்’ போன்ற பொறுப்புப் பெயரோதான் தக்கது.

மற்றொரு பிழையும் உண்டு. நல்லெண்ணம் கொண்டவர்கள் செய்வது. சாய்வுக்கு அஞ்சி எல்லோரையும் ‘தே’ ஆக்கிவிடுவது! எழுதியவர் ‘தோக்தொர் ஹனம்’ என்று விளங்கச் சொல்லியிருக்க, அந்தப் பெண் டாக்டரைப் பாலற்றவராக்கி அனுப்புவது நடுநிலையன்று, அழிப்பு. சொன்னதை மறைப்பதும் சொல்லாததைச் சேர்ப்பதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். பால் குறித்துத் தம்மை எவ்வாறு சுட்ட வேண்டும் என்று ஒருவர் தாமே தெரிவித்திருந்தால், பெயரையும் தொழிலையும்விட அதுவே முதற்சான்று.

நம் அம்பத்தூர் இளைஞருக்குத் துருக்கி தெரியாது. தம் முன் வந்த ஆங்கிலத்தை அவர் எங்ஙனம் நம்புவது? வழி உண்டு. ஒவ்வொரு ‘ஹீ’யையும் ‘ஷீ’யையும் வட்டமிட்டு, இதற்கு மூலத்தில் எந்தச் சொல் சான்று என்று மொழி தெரிந்தவரைக் கேட்கட்டும். சுட்ட ஒரு சொல்லும் இல்லையென்றால் அது ஊகம். மொழி தெரிந்தவரும் கிடைக்கவில்லையா? மூல வரியில் தொழிற்பெயரை மட்டும் மாற்றி மீண்டும் மொழிபெயர்க்கச் செய்யட்டும். ‘தோக்தொர்’ போய் ‘ஹெம்ஷிரெ’ வந்ததும் ‘ஹீ’ ‘ஷீ’ ஆகிவிட்டால், பால் வந்தது ஆளிடமிருந்தன்று, தொழிலிடமிருந்து என்பது வெட்ட வெளிச்சம். அதுவரை விடையில் ‘மிஸ்டர்’ என்றோ ‘மேடம்’ என்றோ எழுதாமல், வந்த பெயரையே எழுதுவது தக்கது.

துருக்கியிலிருந்து நேரே தமிழுக்குக் கொணர்ந்தால் வேலை பாதி குறையும். அந்த மூன்றாம் வரியின் வினையில் ‘முஷ்’ என்றோர் ஈறு இருக்கிறது. நேரிற் கண்டதன்று, கேள்விப்பட்டது என்பதைக் காட்டும் ஈறு. ஆங்கிலம் அதற்கு ஒரு தொடரைத் தேட வேண்டும். நமக்கோ ‘ஆம்’ என்னும் ஈறு ஆயத்தமாக இருக்கிறது. “துணைவர் அழைத்துச் சென்றாராம்” என்றால் பாலும் பொதுவாயிற்று, கேள்வியும் விளங்கிற்று. இழப்பு ஒன்றே: பேசுகிறவர்கள் நெருங்கிய நண்பர்களாயின், அவர்கள் ‘ஓ’வில் இல்லாத மரியாதையை நம் ‘அவர்’ ஏற்றி வைத்துவிடும். அந்த மிகையைத் தவிர்க்க ‘அவன்’ என்று இறங்கினால் மீண்டும் ஊகம். இரண்டில் ஒன்றைப் பொறுக்கத்தான் வேண்டுமெனில், நாம் மிகை மரியாதையைப் பொறுத்துக் கொள்வோம்.