99 சதவீதத்தை வரைவது எப்படி?

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு மே மாதம் வெளியாகும். அடுத்த ஓரிரு நாளில் கரமனையிலும் பூஜப்புரையிலும் பள்ளி மதில்களில் ஃபிளெக்ஸ் ஏறிவிடும்: நூறு சதவீத வெற்றி, இத்தனை பேருக்கு முழு ஏ பிளஸ், கூடவே பிள்ளைகளின் படங்கள். தேர்வை நடத்தும் பரீட்சா பவனும் பூஜப்புரையில்தான் இருக்கிறது. பள்ளி திறந்தபின் பி.டி.ஏ. கூட்டத்தில் வைக்கப்படும் செயல்பாட்டு அறிக்கையில் அதே எண்கள் பட்டைகளாகவும் கோடுகளாகவும் வட்டங்களாகவும் மறுபடி வரும். ஃபிளெக்ஸ் விளம்பரம் என்று எல்லாருக்கும் தெரியும். அறிக்கையில் இருக்கும் படத்தை அப்படி யாரும் சந்தேகிப்பதில்லை. அதனால்தான் அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போக்குக்குக் கோடு, ஒப்பீட்டுக்குப் பட்டை, பங்குக்கு வட்டம் என்பது எல்லாரும் படித்த விதி. பெரும்பாலான இடங்களில் அது போதும். எல்லா எண்ணும் நூறை ஒட்டிக் கிடக்கும் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சியில் அந்த விதியை அப்படியே கடைப்பிடித்தாலும் படம் தவறாகப் பேசும்.

தேர்ச்சி சதவீதத்திலிருந்தே தொடங்கலாம். 2019இல் 98.11, 2020இல் 98.82, 2021இல் 99.47, 2022இல் 99.26, 2023இல் 99.70, 2024இல் 99.69, 2025இல் 99.50. இந்த ஏழு எண்களையும் எக்செலில் தட்டிப் பட்டை வரைபடம் கேட்டால், அது அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்காது. எண்களுக்கிடையே வேறுபாடு குறைவாக இருந்தால் அச்சின் அடியைத் தானே வெட்டிவிடுவது அதன் வழக்கம். அச்சு 97இல் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். 2019இன் பட்டை 1.11 அலகு உயரம், 2023இன் பட்டை 2.70 அலகு உயரம். தேர்ச்சி இரண்டரை மடங்கு ஆகிவிட்டது போல ஒரு தோற்றம். அச்சில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்தால் உண்மை தெரியும் என்று வாதிடலாம். ஆனால் பட்டையைப் பார்க்கிறவர் நீளத்தைத்தான் ஒப்பிடுகிறார், அச்சைப் பிறகுதான் படிக்கிறார். பட்டையின் பொருள் முழுக்க அதன் நீளத்தில் இருப்பதால், அடியை வெட்டினால் பொருளும் வெட்டுப்படும்.

சரி, விதிப்படி Format Axis திறந்து Minimum என்ற இடத்தில் 0 கொடுத்துவிடலாம். இப்போது ஏழு பட்டைகளும் ஒரே உயரத்தில், மதில் கற்களைப் போல வரிசையாக நிற்கும். பொய் போய்விட்டது, செய்தியும் கூடவே போய்விட்டது. உண்மையில் செய்தி இல்லாமலில்லை. 2019இல் தேர்வெழுதிய 4,34,729 பேரில் 8,216 பேர் மேற்படிப்புக்குத் தகுதி பெறவில்லை. 2023இல் 4,19,128 பேரில் அப்படி நின்றவர்கள் 1,264 பேர். ஆயிரத்துக்கு 19 ஆக இருந்தது 3 ஆகியிருக்கிறது. இந்த மாற்றத்தைச் சுழியத்திலிருந்து தொடங்கும் பட்டையும் காட்டாது, வெட்டிய பட்டையும் நேர்மையாகக் காட்டாது.

நான் பரிந்துரைப்பது எண்ணைத் திருப்பிப் போடுவது. தேர்ச்சி பெற்றவரை வரையாமல் பெறாதவரை வரைந்தால் 1.89, 1.18, 0.53, 0.74, 0.30, 0.31, 0.50 என்று ஒரு வரிசை கிடைக்கிறது. இதைச் சுழியத்திலிருந்தே வரையலாம், இறக்கமும் ஏற்றமும் தெளிவாகத் தெரியும். அறிக்கையைப் படிக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வேலை மிச்சமிருக்கும் இடம் அதுதான் என்பதால், பொருளும் பொருந்துகிறது. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. 2023இலிருந்து 2025க்கு வரும்போது 0.30 என்பது 0.50 ஆகிறது. படத்தில் பெரிய ஏற்றமாகத் தெரியும், “தோல்வி மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது” என்று தலைப்புப் போட ஒருவருக்குக் கை துறுதுறுக்கும். மாநிலம் முழுவதும் கூடியது 850 பிள்ளைகள். ஆகவே திருப்பிப் போட்ட படத்தில் ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் ஆள் எண்ணிக்கையை எழுதியே தீர வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு மிகைக்குப் பதிலாக இன்னொரு மிகைதான் மிஞ்சும்.

போக்கைக் காட்டும் கோட்டுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரண்டு புள்ளிகளைக் கோடு இணைக்கும்போது, அளந்த பொருளும் அளந்த முறையும் ஒன்றுதான் என்று அது சொல்லாமல் சொல்கிறது. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு கிரேடு முறை வந்தது 2005இல். அந்த ஆண்டுத் தேர்ச்சி 58.49 சதவீதம். 2007இல் 82.29, 2008இல் 92.09. மூன்றே ஆண்டில் கோடு செங்குத்தாக ஏறுகிறது. அதற்கு முன்பு 600க்கு 210 வாங்கினால் தேர்ச்சி என்றிருந்த காலத்தையும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தால், மாணவர்களின் படிப்பு திடீரென்று உயர்ந்ததாகப் படிக்கத் தோன்றும். மதிப்பிடும் முறை மாறிய கதையைக் கோடு தன் வழவழப்பில் மறைத்துவிடுகிறது.

இதை இன்னும் கிட்டத்தில் பார்க்க முழு ஏ பிளஸ் எண்ணிக்கை உதவும். எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 2020இல் 41,906 பேர், 2021இல் 1,21,318 பேர், 2022இல் 44,363 பேர், 2023இல் 68,604 பேர். கோடு வரைந்தால் நடுவில் ஒரு மலை எழும்புகிறது. 2021 கோவிட் ஆண்டு. பாடத்தில் முக்கியப் பகுதிகள் முன்கூட்டியே குறித்துக் கொடுக்கப்பட்டன, வினாத்தாளில் தேர்ந்தெடுத்து எழுதக் கூடுதல் கேள்விகள் இருந்தன. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கிரேஸ் மார்க் கிடையாது, 2023இல் அது திரும்ப வந்தது. அதாவது இந்த நான்கு ஆண்டுகளில் ஒன்றையொன்று அடுத்த எந்த இரண்டு ஆண்டும் ஒரே அளவுகோலில் இல்லை. ஒரு பள்ளி தன் அறிக்கையை 2021இலிருந்து தொடங்கினால் சரிவு தெரியும், 2022இலிருந்து தொடங்கினால் வளர்ச்சி தெரியும். இரண்டும் ஒரே பள்ளியாக இருக்கலாம். கோட்டை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விதி மாறிய இடத்தில் கோட்டை முறித்து, 2021ஐ உள்ளே நிரப்பாத வெற்றுப் புள்ளியாகப் போட்டு, காரணத்தை அந்தப் புள்ளிக்கு அருகிலேயே ஒரு வரியில் எழுதினால் போதும். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் கீழே போய்ப் பார்ப்பதில்லை.

ஒப்பீட்டில் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. 2025இல் வருவாய் மாவட்டங்களில் கண்ணூர் 99.87 சதவீதத்தோடு முதலிடம், திருவனந்தபுரம் 98.59 சதவீதத்தோடு கடைசி. பதினான்கு மாவட்டங்களைச் சுழியத்திலிருந்து பட்டையாக வரைந்தால் யாரும் முதலில்லை, யாரும் கடைசியில்லை. இந்த இடத்துக்குப் பொருத்தமானது புள்ளி வரைபடம். மாவட்டப் பெயர்களை அகரவரிசையில் அடுக்காமல் தேர்ச்சி வரிசையில் மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளியில் கண் பார்ப்பது நீளத்தை அல்ல, இருக்கும் இடத்தை. ஆகவே அச்சு 98இல் தொடங்கினாலும் பட்டை செய்யும் தவறைப் புள்ளி செய்யாது. பட்டைக்கு விதித்த சுழிய விதியைப் புள்ளியின் மீதும் சுமத்துவது, விதியின் காரணத்தை விட்டுவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொள்வது.

ஒப்பீட்டில் கெடுதல் அதிகம் நடப்பது பட வகையாலன்று, எதை வரைகிறோம் என்பதால்தான். அதே 2025இல் முழு ஏ பிளஸ் அதிகம் பெற்ற கல்வி மாவட்டம் மலப்புறம், 4,115 பேர். மலப்புறத்தில் தேர்வெழுதும் பிள்ளைகளும் மிக அதிகம். எண்ணிக்கையைப் பட்டையாக வரைந்தால் அது பாதிக்கு மேல் மக்கள்தொகைப் படம்தான். பள்ளி அளவிலும் இதே கதை. நாற்பது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் 97.5, நானூறு பேர் எழுதும் பள்ளியில் மூன்று பேர் தவறினாலும் 99.25. ஒரே ஒரு பிள்ளையை வைத்துச் சிறிய பள்ளியை மேலேயோ கீழேயோ தள்ளும் வரிசையைத் தரவரிசை என்று அழைப்பது நியாயமில்லை. புள்ளிக்கு அருகில் எழுதியோர் எண்ணிக்கையும் இருந்தால் படிப்பவரே அதைக் கண்டுகொள்வார்.

கடைசியில் வட்டம். பங்கைக் காட்ட அது கண்ணுக்கு இதமானது, முழுமையில் பாதியா கால்வாசியா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. 2025இல் தகுதி பெறாதோர் 0.5 சதவீதம் என்றால் வட்டத்தில் 1.8 பாகை, ஒரு மயிரிழை. முழு ஏ பிளஸ் பங்கு 2023இல் 16.4, 2025இல் 14.4. இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் வைத்தால் 59 பாகைக்கும் 52 பாகைக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. 1984இல் கிளீவ்லாந்தும் மெக்கிலும் நடத்திய சோதனையில், ஒரே அச்சில் உள்ள இடங்களை மனிதர்கள் மிகச் சரியாகவும், கோணங்களை அதைவிடத் தவறாகவும் மதிப்பிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு நீளப் பட்டை வைத்து, முழு ஏ பிளஸ் பங்கை எல்லாப் பட்டைகளிலும் அடியிலேயே வைத்தால் இந்தக் குறை தீரும். அடியில் இருக்கும் துண்டுக்குத்தான் பொதுவான தொடக்கம் உண்டு. நடுத் துண்டுகள் மிதக்கும், அவற்றை ஒப்பிடச் சொல்லக் கூடாது.

வட்டத்தில் இன்னொரு பிழை அடிக்கடி நடக்கும். பாடவாரியாக ஏ பிளஸ் வாங்கியோர் எண்ணிக்கையை வட்டமாக வரைந்துவிடுவார்கள். மலையாளத்திலும் கணிதத்திலும் ஏ பிளஸ் வாங்கிய ஒரு பிள்ளை அதில் இரண்டு முறை எண்ணப்படுகிறது. துண்டுகளைக் கூட்டினால் பிள்ளைகளின் எண்ணிக்கையே வராது. கூட்டினால் முழுமை வராத எதையும் வட்டத்தில் போட முடியாது என்பதை முதல் சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் இனிமேல்தான் அதிகம் தேவைப்படும். எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 30 சதவீதம் குறைந்தபட்சம் வாங்க வேண்டும் என்ற விதியை அரசு 2024-25இல் எட்டாம் வகுப்பில் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்கு அது 2026-27இல் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பின் வரும் தேர்ச்சி எண் குறைந்தால், முந்தைய ஆண்டுகளின் எண்ணுக்கும் அதற்கும் இடையே கோடு இழுக்கும் ஒவ்வொரு அறிக்கையும் விதி மாற்றத்தைப் பள்ளியின் வீழ்ச்சியாகக் காட்டும். அந்த ஆண்டில் கோட்டை நிறுத்திவிட்டுப் புதிய புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால், அந்த ஆண்டு விடைத்தாள்களுக்கே பழைய விதிப்படி எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்று கணக்கிட்டு, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் தர வேண்டும். மதிப்பெண் பட்டியல் கையில் உள்ள எந்தப் பள்ளியும் ஒரு பிற்பகலில் செய்யக்கூடிய வேலை அது.