பிள்ளைப்புரையும் பிள்ளைக்காம்பராவும்

ஏலப்பாறையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், பனி விலகுமுன் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறும் தாய் தன் கைக்குழந்தையை ஒப்படைத்துப் போகும் இடத்துக்குப் பிள்ளைப்புரை என்று பெயர். இலங்கை மலையகத்திலோ அதையே பிள்ளைக்காம்பரா என்பார்கள். 1964ஆம் வருஷத்து சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியவர்களில் சிலர் வண்டிப்பெரியாற்றுக்கு அப்பால் கவியின் ஏலத்தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்களாதலால், இவ்விரு சம்பிரதாயங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் அந்நியமானவை அல்ல.

தொட்டிலாட்டிய ஆயாவுக்கு நன்றி என்ற சொல்லை வாயால் சொல்வது இரண்டு மலைகளிலும் அபூர்வம். சொன்னால், வேற்றாளிடம் பேசுவது போல் பேசுகிறாளே என்று அவளே முகம் சுளிப்பாள். தைப்பொங்கலன்று முதல் கிண்ணம் அவள் லயத்துக்குப் போவதும், பள்ளியில் சேரும் நாளில் குழந்தை அவள் காலில் விழ, தாய் வெற்றிலை பாக்கோடு ஒரு சேலையை வைத்துக் கொடுப்பதுமே பிரதியுபகாரம். இலங்கையில் இப்போது ஆயாவின் ஸ்தானத்துக்குப் பல தோட்டங்களில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்துவிட்டார். 'ஆயாம்மா' போய் 'டீச்சர்' வந்தது. மரியாதை கூடியது என்பது மெய்யே. உரிமையோடு கிண்ணத்தை நீட்டும் கை சற்றே கூசுகிறது என்பதும் மெய்.

ஆனால் சேலை கிழிந்துவிடும். ஆயுள் முழுதும் பிறர் பிள்ளையை வளர்த்தவளுக்கு அந்திமத்தில் உதவுவது, தொழிலாளர் 'சர்வீஸ் காசு' என்கிற பணிக்கொடையே. இந்தியாவின் 1972ஆம் வருஷத்துச் சட்டம், ஐந்து வருஷம் தொடர்ந்து உழைத்தவர்க்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி என்று விதித்தது. இலங்கையின் 1983ஆம் வருஷத்துச் சட்டம் மாதச் சம்பளக்காரர்க்கு அரைமாதச் சம்பளமும், ஏனையோர்க்குப் பதினான்கு நாள் கூலியும் விதித்தது. முப்பது வருஷம் தொட்டிலாட்டிய ஆயாவின் கடைசித் தினக்கூலி நானூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏலப்பாறையில் அவளுக்கு வரவேண்டியது 1,80,000 ரூபாய்.

வரவேண்டியது வராமற்போவது பெரும்பாலும் செக்ரோலில்தான். தற்காலிக ஆளென்று எழுதி, ஆண்டில் 240 நாள் நிறையாதபடி இடையிடையே பெயரை நீக்கிவிட்டால், முப்பது வருஷ உழைப்பும் கணக்கில் துண்டு துண்டாகிவிடும். அதை அவள் அறிவது ஓய்வுபெறும் தினத்தில். 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது, செக்ரோலில் பெயர் ஒழுங்காக இருந்தவர்களே நிலுவைக்காக நெடுங்காலம் அலைய நேர்ந்ததென்றால், பெயரில்லாதவள் எதைக் காட்டிக் கேட்பாள்?

ஆகவே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்களே, சேலை வாங்கப் புறப்படுமுன், எழுத்தறிந்த ஒருவரை உடனழைத்துப்போய், ஆயாவின் சம்பளச் சீட்டில் அவள் செக்ரோல் எண் மாதந்தோறும் ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.