வரிசை குலைந்தால் என்ன?

பம்பிங் லெம்மா கேள்விக்கு விடை எழுத ஒரு வாய்ப்பாடு நிலைபெற்றுவிட்டது. சரத்தை uvwxy என்று ஐந்தாகப் பிரி, v-யும் x-உம் எங்கெங்கே விழலாம் என்று ஐந்தாறு நிலைகளைப் பட்டியலிடு, ஒவ்வொன்றிலும் முரண்பாடு காட்டு, முடித்துவிடு. கைடுகள் இதைத்தான் அச்சிடுகின்றன, விடைத்தாள் திருத்துபவர்களும் நிலைக்கு இத்தனை மதிப்பெண் என்று இதற்கே போடுகிறார்கள். இந்த முறைக்காக வாதாடுபவர்கள் ஒரு நியாயம் சொல்வதுண்டு: நிலை நிலையாகப் பிரித்து எழுதப் பழகினால் மாணவன் வழுக்கி விழமாட்டான். எனக்கு இதில் நெடுநாளாகவே உடன்பாடில்லை. அவன் வழுக்குவதே அந்தப் பட்டியலில்தான். a, b, c மூன்றும் சம எண்ணிக்கையில் வரும் சரங்களின் மொழியை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும்.

லெம்மாவின் மேல் எனக்குக் குறையில்லை. பார்-ஹில்லெல், பெர்லஸ், ஷமிர் மூவரும் 1961-இல் தந்த அந்த முடிவு சிக்கனமானது. இலக்கணத்தில் k மாறிகள் இருந்து, சரம் போதிய அளவு நீண்டால், பார்ஸ் மரத்தில் ஏதோ ஒரு பாதையில் ஒரே மாறி இருமுறை வந்தே தீரும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஒட்டலாம், வெட்டியும் விடலாம். இரண்டு பக்கம்கூடப் பிடிக்காத வாதம் இது. அதை வைத்துக்கொண்டு நாம் எழுதும் விடைதான் கோளாறு.

பட்டியல் முறை பிறந்தது aⁿbⁿcⁿ என்ற மொழிக்காக. அங்கே a எல்லாம் முதலில், பிறகு b, கடைசியில் c. v-க்குள் a-யும் b-யும் கலந்திருந்தால், அதை இரட்டித்ததும் b-க்குப் பின் மறுபடி a வந்துவிடும். வரிசை குலைந்தது, சரம் மொழிக்கு வெளியே போயிற்று. சரியான வாதம். மிஞ்சுவது v-யும் x-உம் தனித்தனியே ஒரே எழுத்தால் ஆன நிலை. இரண்டும் சேர்ந்து இரண்டு எழுத்துகளைத்தான் கூட்ட முடியும், மூன்றாவது பின்தங்கிவிடும். அதுவும் சரி.

இப்போது தேர்வில் கேள்வி சற்றே மாறுகிறது: எழுத்துகள் எந்த வரிசையிலும் வரலாம், எண்ணிக்கை மட்டும் சமமாக இருக்க வேண்டும். மாணவன் மனப்பாடம் செய்த பட்டியலை அப்படியே இறக்குகிறான். aᵖbᵖcᵖ எடுக்கிறான், v-க்குள் a-யும் b-யும் கலந்த நிலைக்கு வருகிறான், “வரிசை குலைந்ததால் முரண்பாடு” என்று எழுதுகிறான். எந்த வரிசை? இந்த மொழியில் bca-வும் உண்டு, ccabab-உம் உண்டு. வரிசை குலைவது இங்கே குற்றமே இல்லை. அந்த வரிக்கு முழு மதிப்பெண் விழுந்த விடைத்தாள்களைப் பார்த்திருக்கிறேன்.

இது வெறும் வாசகப் பிழை, சொல்லைத் திருத்தினால் போதும் என்று சமாதானம் சொல்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். aᵖbᵖcᵖ-இல் கடைசி a-யையும் முதல் b-யையும் சேர்த்து v = ab என்று வைப்போம். எஞ்சிய p−1 b-களும் w. முதல் c, x. இரட்டித்தால் v abab ஆகிறது, x cc ஆகிறது. எண்ணிப் பாருங்கள்: a p+1, b p+1, c p+1. சரம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. மும்மடங்காக்கினாலும், அடியோடு நீக்கினாலும் உள்ளேயே இருக்கும். மாணவன் “வரிசை குலைந்தது” என்று அடித்துவிட்ட நிலை, உண்மையில் முரண்பாடே தராத நிலை!

இந்தப் பிரிப்பு ஏன் செல்லாது? vwx-இன் நீளம் 2 + (p−1) + 1, அதாவது p+2. லெம்மா அனுமதிப்பது p வரைதான். இரண்டே எழுத்து கூடுதலாகிவிட்டது. அது ஒன்றுதான் காரணம். பட்டியல் விடைகளில் தொடக்கத்தில் ஒருமுறை எழுதி, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத நிபந்தனை அது.

இன்னும் ஒரு படி போகலாம். அந்த நீள நிபந்தனையை எடுத்துவிட்டால் இந்த மொழியை லெம்மாவால் தொடவே முடியாது. எந்தச் சரத்தைத் தேர்ந்தாலும் சரி, முழுச் சரத்தையும் v என்று வைத்து மற்ற நான்கையும் வெறுமையாக விட்டால் போதும். சம எண்ணிக்கை உள்ள சரத்தை எத்தனை முறை அடுக்கினாலும் சம எண்ணிக்கைதான். பூச்சியம் முறை அடுக்கிய வெற்றுச்சரமும் மொழியில் உண்டு. ஆக, aⁿbⁿcⁿ-க்கு நீள நிபந்தனை இல்லாமலே நிரூபணம் நடந்துவிடும். சம எண்ணிக்கை மொழிக்கோ லெம்மாவின் முழு பலமும் அந்த நிபந்தனைதான். அதைப் பயன்படுத்தாத விடை எத்தனை பக்கம் ஓடினாலும் எதையும் நிரூபிக்கவில்லை.

பயன்படுத்தினால் விடை எவ்வளவு சிறியது! aᵖbᵖcᵖ-இல் a-க்கும் c-க்கும் நடுவே p b-கள் கிடக்கின்றன. p-க்கு மேல் நீளாத vwx ஒரே நேரத்தில் a-யையும் c-யையும் தொட முடியாது. எனவே அந்த இரண்டில் ஒன்றின் எண்ணிக்கை p-யாகவே நிற்கும். v-யும் x-உம் இரண்டும் வெறுமையாக இருக்க முடியாது என்பதால், இரட்டித்த சரத்தின் நீளம் 3p-யைத் தாண்டும். ஓர் எழுத்து p-யில் நிற்க, வேறொன்று கூடிவிட்டது. சமம் போயிற்று. நிலைப் பட்டியல் எங்கே? தேவையே இல்லை. இதே வரிகள் aⁿbⁿcⁿ-க்கும் அப்படியே பொருந்தும் என்பது பட்டியல்காரர்கள் கவனிக்காத லாபம்.

பட்டியல் மறைக்கும் இன்னொன்று, சரத்தை யார் தேர்ந்தார்கள் என்பது. aᵖbᵖcᵖ வானத்திலிருந்து விழுந்ததுபோல் விடையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மாணவன் (abc)ᵖ எடுத்தால் என்ன ஆகும்? பிரிப்பைத் தேரும் எதிராளி v = abc என்று வைத்து, x-ஐ வெறுமையாக விட்டுத் தப்பித்துவிடுவான். b-களை ஒரு சுவராக நடுவில் குவிக்க வேண்டும் என்பதே இந்த நிரூபணத்தின் யோசனை. அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்கிறோம்.

அந்த யோசனையை நேராகச் சொல்லும் வழியும் இருக்கிறது. சூழல்சாரா மொழியை ஓர் ஒழுங்கு மொழியோடு வெட்டினால் கிடைப்பதும் சூழல்சாரா மொழியே. நம் மொழியை a\*b\*c\*-உடன் வெட்டினால் மிஞ்சுவது aⁿbⁿcⁿ. அது சூழல்சாரா மொழி அன்று என்பது தெரிந்ததே. எனவே நம்முடையதும் அன்று. அந்தத் தெரிந்ததை முதலில் நிரூபிக்க லெம்மா வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான், ஒரே ஒருமுறை.

லெம்மாவே கைவிடும் இடத்திலும் இந்த வெட்டு நிற்கும். aⁱbʲcᵏdˡ வடிவச் சரங்களில், i பூச்சியமாகவோ j, k, l மூன்றும் சமமாகவோ இருப்பவற்றின் மொழியைப் பாருங்கள். a இருந்தால் ஓர் a-யை ஊதலாம், இல்லையென்றால் வேறு எந்த எழுத்தையும் ஊதலாம். லெம்மாவுக்கு முழுத் திருப்தி. ab\*c\*d\*-உடன் வெட்டினாலோ abⁿcⁿdⁿ வெளியே வந்து குட்டு உடைந்துவிடுகிறது. 1968-இல் ஆக்டன் தந்த கூர்மையான லெம்மாவும் இதைப் பிடிக்கும். நம் பாடத்திட்டத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை நிரூபணத்தைக் கேட்காதீர்கள். v = ab, x = c என்ற பிரிப்பை அச்சிட்டு, இது ஏன் செல்லாது என்று ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். “வரிசை குலைகிறது” என்று எழுதியவருக்குப் பூச்சியம் போடுங்கள்.