பாராட்டிவிட்டுப் பேரம்

பிறைத் தொழிற்பேட்டைக்கும் செபராங் ஜெயாவுக்கும் இடையில் செக்குரிட்டி ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தால் ஒரே பேச்சுதான் கேட்கும். "உங்க ஆளுங்க நல்லாத்தான் பாக்குறாங்க சார். ஆனா ரேட்டைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க." இந்தப் பாராட்டு பெரும்பாலும் மனதார வருவதுதான். சிக்கல் அடுத்து வரும் 'பத்து சதவீதம்' என்ற எண்ணில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதுகாவலர் ஒருவர் தினம் 12 மணி நேரம், மாதம் 26 நாள் வேலை செய்கிறார். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26ஆலும் 8ஆலும் வகுத்தால் மணிக்கு 8.17. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. மாதத்துக்கு 104 மணி நேர ஓவர்டைம் என்றால் சுமார் 1,275. ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டும் 13 சதவீதமும் சொக்சோவும் சேர்ந்தால் ஏறக்குறைய 3,250 வெள்ளி. சீருடை, விடுப்பு, மாற்று ஆள் எல்லாம் இதற்கு மேல். ஏஜென்சி 3,600 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் குறைத்தால் 3,240. சட்டப்படி ஆளுக்குப் போக வேண்டிய பணமே அதில் அடங்காது. (8 சதவீத சேவை வரி அரசுக்குப் போவது, அதைக் காட்டி விலை அதிகம் என்பது நியாயமில்லை.)

ஆனாலும் அந்த விலைக்கு ஒப்புக்கொள்ளும் ஏஜென்சி கிடைக்கும். அப்புறம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும்: பகலில் கையெழுத்திட்ட பெயரே இரவிலும் இருக்கும். சேமநிதி கட்டிய ரசீதைக் கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள்.

அதற்காகப் பேரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறைப்பதற்கு வேறு இடம் உண்டு. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் ஏஜென்சி ஆட்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். நாமோ பில்லுக்கு 60 நாள் எடுத்துக்கொள்கிறோம். பத்துப் பேர் என்றால் 65,000 வெள்ளி அவர்கள் கைக்காசு முடங்கிக் கிடக்கிறது. 14 நாளில் பணம் தருகிறோம், ஒப்பந்தத்தையும் இரண்டு வருடமாக்குகிறோம் என்று சொன்னால், ஆளுக்கு எழுபது எண்பது வெள்ளி குறைக்க அவர்களே வழி பார்க்கலாம். யாரும் வராத பின்வாசலுக்கு இரவு ஆள் தேவையா என்று சேர்ந்து யோசித்தால் மிச்சம் இன்னும் அதிகம்.

பாராட்டுக்கும் இதே அளவுகோல்தான்: நாம் எதையாவது கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு. 'நல்ல சர்வீஸ்' என்பது செலவில்லாத சொல். விலை பேசும்போது அதைச் சொன்னால் ஏஜென்சிக்காரருக்கு எச்சரிக்கை மணிதான் அடிக்கும். இரவு இரண்டு மணிக்குக் கிடங்குக் கதவு திறந்து கிடந்ததைக் கவனித்தவரைப் பற்றி, விலைப் பேச்சு தொடங்கும் முன்பே, நிறுவனத் தாளில் எழுதிக் கொடுத்தால் நிலைமை வேறு. பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பிடிக்க அந்தக் கடிதம் ஏஜென்சிக்கு உதவும். விலையை விட்டுக்கொடுக்காமல் நிற்கவும் அது அவர்களுக்குத் தெம்பு தரும். அந்த நஷ்டத்தை நாம் ஏற்கத்தான் வேண்டும். இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று: கடிதம் ஏஜென்சி கோப்பில் பத்திரமாக இருக்கும், கதவைக் கவனித்தவர் கைக்கு ஒரு நகல்கூடப் போயிருக்காது.